லீவு லெட்டரில் காய்ச்சல் எதற்கு?

மளிகைக் கடையாகட்டும், மொத்த வியாபாரக் கிட்டங்கியாகட்டும், நம்மிடம் வேலை பார்க்கும் பையன்கள் கொடுத்த லீவு லெட்டர்களைச் சேர்த்து வைத்து ஒருநாள் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். பத்துக்கு எட்டு காய்ச்சலாக இருக்கும். மீதி இரண்டில் ஒன்று வயிற்றுவலி, மற்றொன்று பாட்டி இறந்த செய்தி. ஒரே பாட்டி இரண்டு வருஷத்தில் மூன்று தடவை இறந்ததும் உண்டு.

இதற்குப் பையன்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக் கொடுத்தார்கள். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்று வரிசையாகப் போய், 'எனக்குக் கடுமையான காய்ச்சலாக இருப்பதால்' என்று தொடங்கி, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று முடியும். அக்காள் கல்யாணத்துக்கும் அதே காய்ச்சல், ஊர்க் கொடைக்கும் அதே காய்ச்சல். அந்த மாதிரி எழுத்து இருபது வயதில் நம் கடைக்கு வேலைக்கு வரும்போதும் கூடவே வந்துவிடுகிறது.

இதனால் நஷ்டம் யாருக்கு? கடைக்கும் உண்டு, பையனுக்கும் உண்டு. பையனுக்கு வரும் நஷ்டம்தான் பெரியது. என் கடையில் சில வருஷங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது என்பதால் ஒளிக்காமலே எழுதுகிறேன்.

நான் செய்த முதல் தப்பு

சங்கரன்கோவிலில் எனக்கு மொத்த மளிகைக் கடை. கணக்குப்பிள்ளையோடு சேர்த்து ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். அதில் ஒரு தம்பி கிட்டங்கிப் பொறுப்பு. சாவி அவனிடம்தான் இருக்கும். எந்த மூட்டை எந்த அடுக்கில் இருக்கிறது, எது பழைய சரக்கு, எதை முதலில் வெளியே எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத்தான் அத்துப்படி.

ஒரு வைகாசி மாதம் அவன் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று, "அண்ணாச்சி, கூட்டாளிக்குக் கல்யாணம். நாளைக்கு ஒருநாள் லீவு வேணும்" என்றான். மறுநாள் லோடு எதுவும் இல்லை. கொடுத்திருக்கலாம். ஆனால், "கூட்டாளி கல்யாணத்துக்கெல்லாம் லீவு போட்டா கடையை யாருடே பாப்பா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவன் பேசாமல் உள்ளே போய்விட்டான்.

அன்று அவன் படித்த பாடம் ஒன்றுதான். இந்த அண்ணாச்சியிடம் உள்ளதைச் சொன்னால் லீவு கிடைக்காது. இதை நான் அன்று உணரவில்லை.

அழகான லெட்டர் செய்த வேலை

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவனுடைய தம்பி ஒரு லெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தான். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. நேற்று இரவு முதல் கடுங்காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, இடைவிடாத வாந்தி, மருத்துவர் முழு ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார், ஐயா அவர்கள் கருணை கூர்ந்து விடுப்பு அளிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தான்.

ஒரு பக்கம் முழுக்கப் படித்த பிறகும் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுமே தெரியவில்லை. அவன் எத்தனை நாள் வரமாட்டான்? கிட்டங்கிச் சாவி எங்கே? அன்று மதியம் விருதுநகரிலிருந்து பருப்பு லாரி வருகிறது என்று அவனுக்குத் தெரியும். அதை இறக்க யாரை வைப்பது? இந்த மூன்றுக்கும் லெட்டரில் பதில் இல்லை.

பதில் இருக்கவும் முடியாது. இதுதான் பொய்க் காரணத்தில் உள்ள முதல் கோளாறு. 'ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் காய்ச்சல் விட்டுவிடும், திங்கட்கிழமை வருகிறேன்' என்று யாரும் எழுத முடியாது. எழுதினால் பொய் வெளுத்துவிடும். 'லாரி வருகிறது என்பதால் சாவியைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன்' என்றும் எழுத முடியாது. நேற்று ராத்திரி திடீரென்று வந்த காய்ச்சலுக்கு முன்னேற்பாடு எப்படி இருக்கும்? ஆக, உண்மையான காரணத்தை மறைத்தவன், அதோடு சேர்த்து நமக்குத் தேவையான தகவலையும் மறைக்க வேண்டியதாகிறது.

நம் தொழிலிலேயே இதைப் பார்க்கிறோம். மண்டிக்காரர், "அண்ணாச்சி, இன்னைக்குச் சரக்கு இல்ல, வியாழக்கிழமைதான் வரும்" என்று போனில் சொன்னால் நமக்கு வருத்தம் இருக்கும். ஆனால் வியாழன் வரை வேறு இடத்தில் அஞ்சு மூட்டை வாங்கிச் சமாளித்துக்கொள்வோம். "லாரி கிளம்பிருச்சு, வழியில பஞ்சர், இப்ப வந்துரும்" என்று சொன்னால் சரக்கும் வராது, வேறு ஏற்பாடும் செய்திருக்க மாட்டோம். முதல் ஆளிடம் மறுபடியும் வாங்குவோம். இரண்டாவது ஆளின் பேச்சை அடுத்த தடவை நம்பமாட்டோம்.

அன்று லாரி வந்து இரண்டரை மணி நேரம் தெருவில் நின்றது. சாவி வீட்டில் இருப்பது தெரிந்து ஆள் அனுப்பினோம். போன ஆள் திரும்பி வந்து சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, அங்க வீடு நிறைய ஆளு. அவன் தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்திருக்காவ. காய்ச்சக்காரன் காப்பி கொடுத்துட்டு நிக்கான்."

நம் ஊர் சின்ன ஊர். பஸ் ஸ்டாண்டிலோ, ரத வீதியிலோ, கோவில் வாசலிலோ யாராவது யாரையாவது பார்த்துவிடுவார்கள். காரணத்தை எவ்வளவு நீட்டி அலங்கரிக்கிறோமோ, அவ்வளவு இடத்தில் அது பிடிபடும். மருத்துவர் என்று எழுதினால் எந்த மருத்துவர் என்று கேட்கலாம். வாந்தி என்று எழுதினால் சாப்பாட்டுப் பந்தியில் பார்த்தவன் சொல்லலாம். 'தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள்' என்ற நாலு வார்த்தையில் பிடிபட எதுவுமே இல்லை.

நிஜமாகவே காய்ச்சல் வந்தபோது

பெரிய நஷ்டம் இதற்குப் பிறகுதான். ஐப்பசி மழை முடிந்த நேரம். அதே தம்பி மறுபடியும் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினான். இந்தத் தடவை லெட்டர் இல்லை, வாய்ச்செய்திதான். நான் சிரித்துக்கொண்டேன். "இப்ப யாரைப் பொண்ணு பாக்க வந்திருக்காவ?" என்று கேட்டேன். இரண்டு நாள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவனுடைய அம்மா கடைக்கு வந்து, ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்பணம் கேட்டார்கள். அப்போதும் எனக்குச் சந்தேகம். "சாயந்திரம் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சாயந்திரம் கணக்குப்பிள்ளை நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். டெங்கு. எழுந்து நிற்க முடியாமல் கிடந்திருக்கிறான். அன்று இரவே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆறு நாள் அங்கே இருந்து பிழைத்து வந்தான். பிறகு வீட்டில் சில நாள் ஓய்வு.

அந்த அரை நாள் தாமதம் இன்றைக்கும் என் மனதை உறுத்துகிறது. பொய்க் காய்ச்சல் அன்றைக்கு லீவு வாங்கிக் கொடுத்தது உண்மைதான். ஆனால் நிஜக் காய்ச்சலுக்கு இருக்க வேண்டிய மரியாதையை அது முன்கூட்டியே செலவழித்துவிட்டது. கூட்டாளி கல்யாணத்துக்கு ஒருநாள் கொடுக்காத நானும் அதில் பங்காளி.

லீவு நோட்டில் கணக்கு

அவன் திரும்பி வந்ததும் கணக்குப்பிள்ளை லீவு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். இதையும் வணிகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் சம்பளத்தோடு கூடிய லீவு மூன்று வகையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தொடர்ந்து ஒரு வருஷம் வேலை பார்த்தவருக்கு அடுத்த வருஷத்தில் 12 நாள் விடுமுறை. நோய் அல்லது விபத்து என்றால் வருஷத்துக்கு 12 நாள் வரை. அது போக, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் தற்செயல் விடுப்பு 12 நாள் வரை. உங்கள் கடைக்கு இன்றைய நிலையில் எது எப்படிப் பொருந்தும் என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, சட்டம் நோயையும் நியாயமான காரணத்தையும் தனித்தனியாக வைத்திருக்கிறது என்பதுதான். தங்கையைப் பெண் பார்ப்பது நியாயமான காரணம். அதற்குக் காய்ச்சல் வேஷம் போட வேண்டிய அவசியமே இல்லை.

நோட்டில் என்ன இருந்தது? அந்த வருஷம் அந்தத் தம்பி நோய்க் கணக்கில் 7 நாள் எடுத்திருந்தான். தற்செயல் விடுப்புக் கணக்கில் ஒருநாள்கூட எடுக்கவில்லை. டெங்குவுக்கு ஆனது 14 நாள். நோய்க் கணக்கில் மீதி இருந்ததோ 5 நாள். மீதி 9 நாளுக்கு என்ன செய்வது? பொய்யாக எழுதின காய்ச்சல்கள் நிஜக் காய்ச்சலுக்கு உரிய நாளைத் தின்றுவிட்டன. பக்கத்துப் பத்தியில் 12 நாள் தொடாமல் கிடக்கிறது.

அவனை உட்காரவைத்து, "தம்பி, அந்த ஏழு நாளும் நெசமா எதுக்குன்னு சொல்லு. ஏச மாட்டேன்" என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். பெண் பார்த்த சடங்குக்கு 3 நாள், ஊர்க் கொடைக்கு 2 நாள், வீட்டு ஓடு மாற்ற ஒருநாள், சும்மா படுத்துத் தூங்கினது ஒருநாள். எல்லாமே கேட்டால் கொடுக்கக்கூடியவை. தூக்கத்துக்குக்கூட, லோடு இல்லாத நாளாக இருந்தால் கொடுத்திருப்பேன். அந்த 7 நாளையும் நோயிலிருந்து எடுத்துத் தற்செயல் பத்தியில் எழுதி, பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். நோய்க் கணக்கில் 12 நாளும் திரும்பக் கிடைத்தது. டெங்கு 14 நாளில் 12 அதில் போக, மீதி 2 தற்செயலில் போனது. சம்பளம் ஒருநாளும் பிடிக்கவில்லை.

உண்மையைப் பாதியாகப் பிரிக்கலாம்

மறு வருஷம் ஆடித்தபசு வந்தது. நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க் கூட்டம், வியாபாரம், அத்தனைக்கும் நடுவில் வேலையாட்களும் பக்தர்கள்தானே. தபசு நாளன்று இரண்டு பேர் லீவு கேட்டார்கள். இரண்டு பேரையும் விட்டால் கடை நடக்காது.

முந்தின வருஷமாக இருந்தால் இரண்டு காய்ச்சல் லெட்டர் வந்திருக்கும். இந்தத் தடவை இருவரும் உள்ளதைச் சொன்னார்கள். ஒருவனுக்கு, அம்மா நேர்ந்துகொண்ட ஆடிச்சுற்றுக்குத் துணையாகப் போக வேண்டும். மற்றவனுக்கு, புது மாமனார் வீட்டு ஆட்களைத் தபசுக் காட்சி பார்க்கக் கூட்டிப் போக வேண்டும். சுற்று விடியற்காலையில் முடிந்துவிடும். காட்சி சாயந்திரம்தான். முதல் ஆள் பத்து மணிக்குக் கடைக்கு வந்தான். இரண்டாவது ஆள் மூன்று மணிக்குக் கிளம்பினான். கடையும் நடந்தது, இரண்டு வீட்டிலும் மனக்குறை இல்லை.

இதே இருவரும் காய்ச்சல் என்று எழுதியிருந்தால்? காலையில் மட்டும் காய்ச்சல், பத்து மணிக்கு விட்டுவிடும் என்று சொல்ல முடியுமா? பொய்க் காரணத்தைப் பாதியாக வெட்ட முடியாது. கொடுத்தால் முழுநாள், இல்லையென்றால் இல்லை. உண்மையான காரணத்துக்குத்தான் நேரம் உண்டு, இடம் உண்டு, விட்டுக்கொடுக்க வழியும் உண்டு. முதலாளி உதவி செய்ய நினைத்தாலும் உண்மை தெரிந்தால்தான் செய்ய முடியும். தங்கச்சி சமாசாரம் தெரிந்திருந்தால் அன்று நானே ஒரு கிலோ சீனியும் காப்பித்தூளும் கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

நாலே வரி போதும்

இப்போது அந்தக் கிட்டங்கித் தம்பி கொடுக்கும் லெட்டர் இப்படி இருக்கிறது:

'அண்ணாச்சிக்கு, வருகிற வெள்ளி, சனி இரண்டு நாள் லீவு வேண்டும். அக்காள் மகளுக்கு இராஜபாளையத்தில் காது குத்து. வெள்ளி மதியம் லோடு வரும் என்பதால் வியாழன் ராத்திரியே இடம் ஒதுக்கிவிட்டுச் சாவியைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன், இறக்கச் சித்தப்பா மகன் வருவான். திங்கள் காலை ஏழு மணிக்குக் கடை திறக்க வந்துவிடுவேன்.'

நாலு வரி. எத்தனை நாள், எதற்காக, அந்த நாளில் நிற்கும் வேலைக்கு என்ன ஏற்பாடு, எப்போது திரும்புகிறான். 'கருணை கூர்ந்து' இல்லை, 'தாழ்மையுடன்' இல்லை. காரணத்துக்கு ஒரே வரி. இதைப் படித்துவிட்டு நான் கேள்வி கேட்க எதுவுமில்லை. சரி என்று எழுதிக் கொடுக்க அரை நிமிஷம் ஆகிறது.

எதையும் அளவோடு

உள்ளதைச் சொல்வது என்றால் வீட்டு விவகாரம் எல்லாவற்றையும் கல்லா முன்னால் கொட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. பெண்கள் வேலை பார்க்கும் கடைகளில் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 'சொந்த வேலை, ஒருநாள் லீவு வேண்டும்' என்பதும் நேர்மையான காரணம்தான். அதில் பொய் இல்லை. அதற்குமேல் தோண்டிக் கேட்டால், அடுத்த தடவை காய்ச்சல்தான் வரும்.

ஒரு லெட்டரில் மூன்று நோய் சேர்ந்திருந்தால், திரும்பும் நாள் இல்லாதிருந்தால், வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் இரக்கத்தை மட்டும் கேட்டால், எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பயந்த பையன் உண்மையையே நீட்டி முழக்கி எழுதுவான். டெங்குவில் படுத்தவனும் திரும்பும் நாள் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் சாயந்திரம் ஒரு ஆளை நலம் விசாரிக்க அனுப்புங்கள். பொய் என்றால் தெரிந்துவிடும். நிஜம் என்றால் நேரத்தில் உதவி கிடைக்கும்.

உண்மையைச் சொன்னால் லீவு கட்டாயம் கிடைக்கும் என்றும் இல்லை. தீபாவளிக்கு முந்தின நாள் கூட்டாளி கல்யாணம் என்றால் என்னாலும் கொடுக்க முடியாது. அப்போது நாமும் காரணத்தை நேராகச் சொல்ல வேண்டும். "நாளைக்கு வியாபாரம் அதிகம்டே, ஆள் இல்ல. முகூர்த்தம் முடிஞ்சதும் பதினோரு மணிக்கு வந்திரு" என்று சொன்னால் பையன் ஏற்றுக்கொள்கிறான். நாலு பேர் முன்னால் ஏசினால்தான் பொய் எழுதப் பழகுகிறான்.

என் கடையில் இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுத் தொங்குகிறது. நாள், காரணம், வேலைக்கு ஏற்பாடு, திரும்பும் நாள் என்று நாலு பத்தி. காரணப் பத்தியில் 'சொந்த வேலை' என்று எழுதலாம் என்று முதல் பக்கத்திலேயே நான் எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் அதில் ஒரு பையன், 'புதுப்படம், முதல் ஆட்டம், மதியத்துக்கு மேல் லீவு' என்று எழுதியிருந்தான். அன்று லோடு இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.